குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை குறையுமா, கூடுமா?

கேள்வி: "கூலிக்குச் சட்டம் கீழ்வரம்பு வைத்தால் வேலைவாய்ப்பு குறையும் என்று முதலாண்டில் படித்தேன். இப்போது, ஆள் எடுக்க ஒரே ஒரு முதலாளி இருக்கும் சந்தையில் அதே சட்டம் வேலையைக் கூட்டும் என்கிறார் ஆசிரியர். ஒரே சட்டம் எப்படி இரண்டும் செய்யும்? நடப்பில் எதை நம்புவது?"

இரண்டு மாதிரிகளும் ஒரே ஓர் இடத்தில்தான் பிரிகின்றன. கூடுதலாக ஓர் ஆளை எடுக்கும்போது, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் கூலியையும் முதலாளி உயர்த்த வேண்டியிருக்கிறதா? இல்லை என்றால் போட்டிச் சந்தை. ஆம் என்றால் ஒற்றை வாங்குநர் சந்தை. பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இல் இதற்கு மோனாப்சனி என்று பெயரிட்டார். இரண்டிலும் முதலாளி லாபத்தைத்தான் தேடுகிறார், தொழிலாளி கூலியைத்தான் பார்க்கிறார். ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்ற பேச்சே இதில் இல்லை. வரைபடத்தில் கோடுகளைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. நாள் கூலி 305 ரூபாய் என்றால் ஒருவர் ஆலை வேலைக்கு வருவார். 310 என்றால் இருவர். இப்படி ஒவ்வோர் 5 ரூபாய்க்கும் ஒருவர் கூடுவார். அதாவது 30 பேர் வர 450 ரூபாயும் 40 பேர் வர 500 ரூபாயும் தர வேண்டும். இது உழைப்பின் அளிப்பு. மறுபுறம் முதல் ஆள் ஒரு நாளில் ஆலைக்கு 890 ரூபாய் வருவாய் சேர்க்கிறார், இரண்டாமவர் 880, இப்படி ஆளுக்குப் பத்துப் பத்தாகக் குறைகிறது. 30ஆவது ஆள் 600 ரூபாய், 40ஆவது ஆள் 500 ரூபாய் சேர்க்கிறார். பாடநூல் இதை இறுதிநிலை வருவாய் உற்பத்தி என்கிறது.

அந்த ஊரில் பல சிறு ஆலைகள் இருந்து, மேலே சொன்ன எண்கள் எல்லா ஆலைகளையும் சேர்த்த கணக்கு என்றால், கூலி 500இல் நிற்கும், 40 பேர் வேலையில் இருப்பார்கள். எந்த ஆலையும் 450 மட்டும் தந்து தப்பிக்க முடியாது. அடுத்த ஆலை 460 தந்து ஆளை இழுத்துக்கொள்ளும். இங்கே அரசு 550 ரூபாய் என்று கீழ்வரம்பு வைத்தால், 550க்குக் குறைவாக வருவாய் சேர்க்கும் ஆட்களை வைத்திருப்பது நட்டம். எனவே 35 பேர்தான் வேலையில் இருப்பார்கள். ஐந்து பேருக்கு வேலை போகிறது. கூலி உயர்ந்ததால் வேலை கேட்டு வருபவர்கள் 50 ஆகிறார்கள், ஆகவே 15 பேர் வெளியே நிற்கிறார்கள். நீங்கள் முதலாண்டில் படித்தது இதுதான். இதில் பிழை ஏதும் இல்லை.

இப்போது அதே ஊர், அதே எண்கள், ஆனால் ஒரே ஓர் ஆலை. அதில் 30 பேர் 450 ரூபாய்க்கு வேலை செய்கிறார்கள். 31ஆவது ஆளை எடுக்கலாமா என்று மேலாளர் கணக்குப் போடுகிறார். அந்த ஆள் 590 ரூபாய் வருவாய் சேர்ப்பார், அவருக்குத் தர வேண்டியது 455. மேலோட்டமாகப் பார்த்தால் 135 ரூபாய் லாபம். ஆனால் புதியவருக்கு 455 தந்தால் பழைய 30 பேருக்கும் ஐந்து ரூபாய் ஏற்ற வேண்டும், அது 150 ரூபாய். ஆக 31ஆவது ஆளின் உண்மையான செலவு 605. வருவாய் 590 தான். எடுக்க மாட்டார். போட்டிச் சந்தையில் 40 பேர் வேலை செய்திருக்கும் ஊரில் இவர் 30இல் நிறுத்திக்கொள்கிறார், கூலியும் 50 ரூபாய் குறைவு. கடைசி ஆள் 600 ரூபாய் சேர்த்துவிட்டு 450 வாங்கிப் போகிறார். அந்த 150 ரூபாய் இடைவெளியைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த ஊரில் அரசு 480 ரூபாய் கீழ்வரம்பு வைக்கிறது என்போம். மேலாளரின் கணக்கு உடனே மாறுகிறது. பழையவர்களுக்கு 480 எப்படியும் தந்தாக வேண்டும். எனவே 31ஆவது ஆளின் செலவு 605 இல்லை, வெறும் 480. அவர் சேர்ப்பதோ 590. எடுப்பார். 32ஆவது ஆளும் அப்படியே. 480 ரூபாய்க்கு வர விரும்பும் 36 பேரையும் எடுத்த பிறகுதான் நிற்பார், ஏனெனில் 37ஆவது ஆளுக்கு 485 தர வேண்டும், மற்ற 36 பேருக்கும் ஏற்ற வேண்டும், மொத்தச் செலவு 665, வருவாய் 530. கூலியும் கூடியது, வேலையும் கூடியது. சட்டம் சராசரிக் கூலியை உயர்த்தியது. ஆனால் இன்னோர் ஆளை எடுக்க ஆகும் கூடுதல் செலவைக் குறைத்தது. மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கீழ்வரம்பு 500 என்றால் 40 பேர், அதுவே உச்சம்.

500ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. 550 வைத்தால் ஆலை 35 பேரை வைத்திருக்கும். 600 வைத்தால் 30 பேர். 650 வைத்தால் 25 பேர். போட்டிச் சந்தையிலும் 550க்கு 35 பேர்தான் என்று மேலே பார்த்தோம். ஆக 500க்கு மேல் இரண்டு மாதிரிகளும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன. தொடங்கிய இடம்தான் வேறு. ஒன்று 40இலிருந்து 35க்கு இறங்கியது, மற்றொன்று 30இலிருந்து 35க்கு ஏறியது. "ஒற்றை முதலாளி இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம்" என்று சொல்பவர்களுக்கும் இந்த மாதிரி இடம் தரவில்லை. நம் எண்களில் 450க்கும் 600க்கும் இடையில்தான் வேலை கூடும். 600ஐத் தாண்டினால் சட்டம் வருவதற்கு முன் இருந்ததைவிடக் குறையும். இன்னொன்றையும் கவனியுங்கள். 550இல் வேலை ஐந்து கூடியபோதும் வேலை கேட்டு வெளியே நிற்பவர்கள் பூஜ்யத்திலிருந்து 15 ஆகிறார்கள். வேலைவாய்ப்பு கூடுவதும் வேலையின்மை கூடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். புள்ளிவிவரத்தில் எதை அளக்கிறார்கள் என்று பார்க்காமல் சண்டை போடுபவர்கள் பலர்.

இந்த மாதிரிக்கு ஒரு பலவீனம் உண்டு, வகுப்பில் அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 30 பேர் வேலை செய்யும்போது ஆலைக்கு ஒரு நாள் வருவாய் 22,350, கூலி 13,500, மிச்சம் 8,850. கீழ்வரம்பு 500 ஆகி 40 பேர் வந்ததும் வருவாய் 27,800, கூலி 20,000, மிச்சம் 7,800. தொழிலாளர்களுக்கு 6,500 கூடியது, ஆலைக்கு 1,050 குறைந்தது. ஊருக்கு மொத்தத்தில் நன்மை. ஆனால் வாடகை, வட்டி, இயந்திரத் தேய்மானம் என்று ஆலைக்கு நாளுக்கு 8,000 ரூபாய் நிலைச் செலவு இருந்தால்? 480 கீழ்வரம்பில் மிச்சம் 8,460, தாக்குப்பிடிக்கும். 500இல் 200 ரூபாய் நட்டம். கடன் முடிந்ததும், அல்லது பெரிய பழுது வந்ததும் ஆலை மூடப்படும். 40 வேலையும் போகும். கூலியைக் குறைத்துப் பிடிக்கும் பலம் இருப்பதும் கொழுத்த லாபம் இருப்பதும் ஒன்றல்ல. ஆகவே ஆறு மாதத்தில் எடுத்த கணக்கில் வேலை கூடியிருந்தாலும் ஐந்து வருடத்தில் எத்தனை ஆலைகள் மூடின, எத்தனை புதிதாகத் திறந்தன என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே கூலி என்ற அனுமானமும் முக்கியம். 31ஆவது ஆளுக்கு மட்டும் 455 தந்துவிட்டு மற்றவர்களைப் பழைய கூலியிலேயே வைக்க முடிந்தால், அந்த 150 ரூபாய் செலவு மறைந்துவிடும். அப்போது ஒற்றை முதலாளியே 40 பேர் வரை எடுத்துவிடுவார். சட்டத்துக்குக் கூட்ட வேண்டிய வேலையே மிஞ்சாது. ஒப்பந்தத் தொழிலாளர், வெளியூரிலிருந்து வருபவர் என்று ஆளுக்கொரு கூலி பேசும் இடங்களில் மாதிரியின் பலன் அந்த அளவுக்குக் குறையும்.

இனி நடப்பு. இந்த விவாதத்தில் அதிகம் அலசப்பட்டது அமெரிக்காவின் நியூ ஜெர்சி. 1992 ஏப்ரல் 1 அன்று அந்த மாநிலம் மணிக்கூலிக் கீழ்வரம்பை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியாவில் 4.25 அப்படியே இருந்தது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். முழுநேர ஆட்களையும், பகுதிநேர ஆட்களைப் பாதியாகவும் கூட்டினால், நியூ ஜெர்சியில் கடைக்குச் சராசரி 20.4இலிருந்து 21.0 ஆனது. பென்சில்வேனியாவில் 23.3இலிருந்து 21.2 ஆக இறங்கியது. இரண்டு மாற்றங்களின் வித்தியாசம் கடைக்கு ஏறத்தாழ 2.8 ஆள், நியூ ஜெர்சிக்குச் சாதகமாக. பக்கத்து மாநிலத்தை ஒப்பீட்டுக்கு வைத்ததால்தான் அந்த ஆண்டின் பொருளாதார மந்தத்தைச் சட்டத்தின் விளைவிலிருந்து பிரிக்க முடிந்தது. இந்த முறை உட்பட உழைப்புப் பொருளியலில் செய்த பணிகளுக்காகக் கார்டு 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

இதைப் படித்துவிட்டு "கூலி உயர்ந்தால் வேலை கூடும் என்று நிரூபணம் ஆகிவிட்டது" என்று எழுதுவோரை நான் ஏற்கவில்லை. அந்த 2.8இன் பெரும்பகுதி நியூ ஜெர்சி ஏறியதால் வரவில்லை, பென்சில்வேனியா இறங்கியதால் வந்தது. தொலைபேசியில் மேலாளரைக் கேட்டுப் பெற்ற ஆள் எண்ணிக்கையில் பிழைகள் அதிகம். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பட்டியல்களைத் திரட்டி மீண்டும் கணக்கிட்டபோது வேலை குறைந்ததாகவே வந்தது. கார்டும் க்ரூகரும் 2000இல் அரசின் நிர்வாகப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது விளைவு பூஜ்யத்துக்கு அருகில் இருந்தது. என் தீர்ப்பு இது: ஏறத்தாழ 19 சதவீதம் கீழ்வரம்பு உயர்ந்தும் அந்தக் கடைகளில் பெரிய வேலை இழப்பு நடக்கவில்லை என்பது உறுதி. வேலை கூடியது என்பது உறுதியில்லை.

அதே ஆய்வில் ஒற்றை வாங்குநர் மாதிரிக்கு ஒத்துவராத ஒரு செய்தியும் இருக்கிறது. நியூ ஜெர்சியில் சாப்பாட்டு விலை பென்சில்வேனியாவைவிட ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாக ஏறியது. ஆள் கூடினால் உற்பத்தி கூட வேண்டும், உற்பத்தி கூடினால் விலை ஏறக் கூடாது. எளிய மாதிரி அப்படித்தான் சொல்கிறது. விலை ஏறியதென்றால் செலவின் ஒரு பகுதியை வாடிக்கையாளர் தாங்கினார் என்று பொருள். அது போட்டி மாதிரியோடு பொருந்துகிறது. ஆனால் வேலை விழாதது பொருந்தவில்லை. எந்த ஒற்றை மாதிரியும் அந்தத் தரவை முழுதாக விளக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

நெடுஞ்சாலை ஓரம் பத்துக் கடை இருக்கும் இடத்தில் ஒற்றை முதலாளி எங்கே என்று கேட்பீர்கள். எண்ணிக்கையில் ஒற்றையாக இருக்க வேண்டியதில்லை. வேறு வேலை தேட நேரம் ஆகும், பேருந்து வசதி இருக்காது, பிள்ளையின் பள்ளி நேரத்துக்கு ஒத்துவர வேண்டும். இதனால் கூலியைக் கொஞ்சம் குறைத்தாலும் எல்லாரும் ஒரே நாளில் போய்விட மாட்டார்கள். அப்படியானால் ஒவ்வொரு முதலாளிக்கும் மேல்நோக்கிச் சாயும் அளிப்புக் கோடு கிடைத்துவிடுகிறது. ஆலன் மேனிங் போன்றவர்கள் இந்த வழியில்தான் மோனாப்சனியை ஒரே முதலாளி இருக்கும் சுரங்க ஊர்களிலிருந்து பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு தொழிலில் இந்தப் பலம் எவ்வளவு என்று அளக்கவும் வழி உண்டு. கூலியை 1 சதவீதம் மாற்றினால் அந்த முதலாளிக்குக் கிடைக்கும் ஆட்கள் எத்தனை சதவீதம் மாறுகிறார்கள் என்பது அளிப்பு நெகிழ்ச்சி. கடைசி ஆள் சேர்க்கும் வருவாய் கூலியைவிட எத்தனை பங்கு அதிகமோ, அது ஒன்றை இந்த நெகிழ்ச்சியால் வகுத்ததற்குச் சமம். நம் ஆலையில் 450இல் நெகிழ்ச்சி 3. இடைவெளி 150, அதாவது கூலியில் மூன்றில் ஒரு பங்கு. சரியாக ஒத்துவருகிறது. நெகிழ்ச்சி 20 என்றால் இடைவெளி 5 சதவீதம்தான், கீழ்வரம்பை உயர்த்த அவ்வளவு இடம் இல்லை. களத்தில் இதற்கு இரண்டு அறிகுறிகளைப் பார்க்கலாம். கூலி வேறுபடும் இரு ஆலைகளில் ஆட்கள் விலகும் வேகம் அதிகம் வேறுபடவில்லை என்றால் நெகிழ்ச்சி குறைவு. "ஆட்கள் தேவை" பலகை வருடம் முழுவதும் தொங்கியும் கூலி ஏறவில்லை என்றால் அதுவும் மோனாப்சனியின் அடையாளம்: 450க்கு இன்னும் ஆள் வந்தால் எடுத்துக்கொள்ள முதலாளி தயார், 455 தரத்தான் தயாரில்லை. போட்டிச் சந்தையில் அந்தப் பலகை நீடிக்காது.

நம்மவர்கள் வாழும் இடத்திலேயே ஏறக்குறைய பாடநூல் போன்ற ஒற்றை வாங்குநர் வேண்டுமென்றால் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கலாம். குடியிருக்கும் லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீடும் கேள்விக்குறி. அப்படிப்பட்ட இடத்தில் நெகிழ்ச்சி குறைவாகத்தான் இருக்கும். அங்கே 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்கூலி 700 ரூபாய். 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் 1,000 ஆக்கப்பட்டது. ஆனால் அங்கே நாட்கூலி என்பது கொழுந்தின் எடையோடு கட்டப்பட்டது. குறித்த கிலோ பறித்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி. இல்லையென்றால் அரைப் பேர், பாதிக் கூலிதான். உயர்வுக்குப் பிறகு தோட்டங்கள் பறிக்க வேண்டிய எடையைக் கூட்டிவிட்டன, வேலை நாட்களைக் குறைத்துவிட்டன என்பது தொழிற்சங்கங்கள் வெளிப்படையாக வைத்த குற்றச்சாட்டு. கணக்காகப் பார்த்தால் இதன் எடை புரியும். 16 கிலோவுக்கு 700 என்றால் கிலோவுக்கு 43.75 ரூபாய். 20 கிலோவுக்கு 1,000 என்றால் 50 ரூபாய். நாட்கூலி 43 சதவீதம் ஏறியதாகத் தெரியும், கிலோவுக்குக் கிடைப்பது 14 சதவீதம்தான் ஏறும். (கிலோ அளவுகள் என் உதாரணம், தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும்.) துரித உணவுக் கடைபோல விலையை ஏற்றித் தப்பிக்கவும் தோட்டத்தால் முடியாது. தேயிலை கொழும்பு ஏலத்தில் உலக விலைக்குத்தான் போகிறது. அதனால் சரிக்கட்டல் முழுவதும் வேலை நாட்களிலும் எடையிலும் வந்து விழுகிறது. ஆள் எண்ணிக்கையை மட்டும் அளந்தால் "விளைவு இல்லை" என்று வரும், தொழிலாளியின் மாத வருமானமோ வேறு கதை சொல்லும்.

இன்று ஆய்வுகளில் ஓரளவு உறுதியாக நிற்பவற்றில் இரண்டைச் சொல்வேன். 1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்களில் நடந்த 138 உயர்வுகளை செங்கிஸ், துபே, லிண்ட்னர், சிப்பரர் நால்வரும் ஒன்றாக ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். புதிய வரம்புக்குக் கீழே மறைந்த வேலைகளும், வரம்பிலும் அதற்குச் சற்று மேலும் புதிதாகத் தோன்றிய வேலைகளும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. அந்தத் தரவில் இருந்த உயர்வுகள் இடைநிலைக் கூலியின், அதாவது எல்லாக் கூலிகளையும் வரிசையில் வைத்தால் நடுவில் நிற்கும் கூலியின், 59 சதவீதம் வரைதான் எட்டின. அதற்கு மேல் அந்த முடிவை நீட்டிக்கக் கூடாது. இரண்டாவதாக, வேலைகள் ஒருசில முதலாளிகளிடமே குவிந்திருக்கும் வட்டாரங்களில் உயர்வின் பாதிப்பு மென்மையாகவும், சில இடங்களில் சாதகமாகவும், பலர் போட்டியிடும் வட்டாரங்களில் பாதகமாகவும் இருப்பதை அசார் உள்ளிட்டோரின் ஆய்வு காட்டியது. நம் ஆலைக் கணக்கு எதிர்பார்த்த திசை அதுதான்.

சந்தேகத்தில் இருப்பது பெரிய உயர்வுகளும் நீண்ட காலமும். சியாட்டில் நகரம் 11 டாலரிலிருந்து 13 டாலருக்குப் போனபோது குறைந்த கூலிக்காரர்களின் வேலை நேரம் குறைந்ததாக வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2017இல் சொன்னது. அதே நகரின் உணவகத் தொழிலை எடுத்த மற்றொரு குழுவுக்கு வேலை இழப்பு தென்படவில்லை. உங்கள் தேர்வுத்தாளுக்கு இரண்டு படங்களும் போதும். ஒரு குறிப்பிட்ட தொழிலைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமென்றால் எனக்கு நான்கு எண்கள் வேண்டும்: அந்த வட்டாரத்தின் இடைநிலைக் கூலியில் புதிய வரம்பு எத்தனை சதவீதம், ஆண்டுக்கு எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள், ஆளுக்கு மாதம் எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள் வேலை, விற்கும் பொருளின் விலையை ஏற்ற முதலாளிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது. இந்த நான்கும் கைக்கு வராமல் எந்த மாதிரி பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.